கார்டு எண்ணின் முதல் எட்டு இலக்கங்களும் சுவிட்ச் வழி கண்டுபிடிக்கும் விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வங்கியின் கார்டு சுவிட்ச் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கார்டுக் கோரிக்கைகளை உரிய இடத்துக்கு அனுப்பி, பதிலைத் திருப்பிக் கொண்டுவரும் கணினியைத்தான் சுவிட்ச் என்கிறோம். அங்கே இருந்தபோதும் அதற்குப் பிறகும் நண்பர்களும் கடைக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டி வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நாம் அழுத்தும் ரகசிய எண்ணைப் பின் என்கிறோம். கார்டு எண்ணின் முன் இலக்கங்களுக்கு இந்தத் தொழிலில் வழங்கும் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினாலும் அதுவும் பின் என்றுதான் வருகிறது. சுவிட்ச் அறையில் பேசும்போதே இதனால் குழப்பம் வந்திருக்கிறது. அதனால் ரகசிய எண்ணை மட்டும் இங்கே பின் என்கிறேன். முன் இலக்கங்களை முன்னெண் என்று அழைக்கிறேன். அதேபோல் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி கடை வங்கி, நமக்குக் கார்டு கொடுத்த வங்கி கார்டு வங்கி.

கார்டைத் தட்டியதும் எந்த வங்கியிடம் கேட்க வேண்டும் என்று அந்த மெஷினுக்கு எப்படித் தெரிகிறது?

மெஷினுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி, கடை வங்கியின் சுவிட்ச். எந்தக் கார்டாக இருந்தாலும் அங்கேதான் அனுப்பும்.

கடை வங்கியின் சுவிட்ச் முன்னெண்ணைப் பார்த்து ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்கிறது. இது நம் வங்கியின் கார்டா, இல்லையென்றால் எந்த நெட்வொர்க்கின் கார்டு? வெளிக் கார்டு என்றால் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று உரிய நெட்வொர்க்கிடம் ஒப்படைத்துவிடும். கார்டு எந்த வங்கியுடையது என்ற கவலை அதற்கு இல்லை. நெட்வொர்க்கின் சுவிட்ச் அதே முன்னெண்ணை மறுபடியும் படித்து, இன்னும் நுணுக்கமான தன் அட்டவணையில் தேடி, கார்டு வங்கியைக் கண்டுபிடிக்கிறது.

ஆக, அதே இலக்கங்களை இரண்டு இடங்களில் இரண்டு வேறு கேள்விகளோடு படிக்கிறார்கள். கீழே வரும் கோளாறுகளில் பலவும் இந்த இரண்டு அட்டவணைகளும் ஒத்துப்போகாததால் வருபவை.

முன்னெண் என்றால் எத்தனை இலக்கம்? முதல் இலக்கத்துக்கு மட்டும் தனி அர்த்தம் உண்டா?

இப்போது எட்டு. ஐஎஸ்ஓ 7812 என்ற சர்வதேசத் தரம் நெடுங்காலம் ஆறு என்றுதான் வைத்திருந்தது. 2017-இல் அதை எட்டாக மாற்றினார்கள். விசாவும் மாஸ்டர்கார்டும் எல்லோரும் மாறுவதற்கு 2022 ஏப்ரலைக் கெடுவாக வைத்தன.

முதல் இலக்கம் எந்தத் தொழில் என்பதைச் சொல்ல வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. 3 பயணமும் பொழுதுபோக்கும், 4-ம் 5-ம் வங்கி என்று போகும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இன்றும் 34, 37 என்று தொடங்குவது அதனால்தான். ஆனால் அந்தப் பிரிவினை இப்போது கலைந்துவிட்டது. மாஸ்டர்கார்டு 51 முதல் 55 வரை போதாமல் 2221 முதல் 2720 வரையும் எடுத்துக்கொண்டது. ரூபேயில் 60, 65 மட்டுமல்ல, 81, 82 என்று தொடங்கும் கார்டுகளும் உண்டு. முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து எந்த சுவிட்சும் வழி தீர்மானிப்பதில்லை.

ஆறு இலக்கமே பத்து லட்சம் வங்கிக்குப் போதுமே. எட்டு எதற்கு?

உலகில் அத்தனை வங்கிகள் இல்லைதான். ஆனால் முன்னெண்ணை வங்கிக்கு ஒன்று என்று கொடுப்பதில்லை. ஒரே வங்கிக்கு டெபிட் கார்டுக்கு ஒன்று, கிரெடிட் கார்டுக்கு ஒன்று, கம்பெனிக் கார்டுக்கு ஒன்று, கிஃப்ட் கார்டுக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

வீணாவது எங்கே என்று பாருங்கள். கார்டு எண் 16 இலக்கம். முன்னெண்ணுக்கு ஆறு, கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று போனால் நடுவில் ஒன்பது இலக்கம் மிஞ்சும். அதாவது ஒரு முன்னெண்ணுக்குள் நூறு கோடி கார்டு கொடுக்கலாம். ஒரு சின்ன கூட்டுறவு வங்கி இருபதாயிரம் கார்டு கொடுத்துவிட்டு அந்த நூறு கோடி இடத்தையும் பூட்டி வைத்திருக்கும். பத்து சென்ட் வீட்டுக்கு ஒரு தாலுகாவையே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி.

முன்னெண் எட்டு இலக்கம் ஆனால் நடுவில் ஏழு இலக்கம், ஒரு கோடி கார்டு. பழைய ஒரு ஆறு இலக்க முன்னெண் நூறு எட்டு இலக்க முன்னெண்களாகப் பிரியும். கார்டு எண்ணின் நீளம் மாறவில்லை, நம் கையில் இருக்கும் கார்டையும் மாற்ற வேண்டியதில்லை. எத்தனை இலக்கம் வரை படிக்க வேண்டும் என்பது மட்டும் மாறியது. ஆனால் ஆறு என்ற எண்ணைத் தங்கள் நிரல்களுக்குள் பதித்து வைத்திருந்தவர்கள் ஏராளம். அங்கேதான் சிக்கல் முளைத்தது.

சுவிட்சுக்குள் அந்த அட்டவணை பார்க்க எப்படி இருக்கும்?

முன்னெண்களை ஒவ்வொன்றாக அடுக்கிய பட்டியலாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வீச்சுகளின் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, எங்கே அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு. இங்கே ஒரு மாதிரி, எண்கள் விளக்கத்துக்காக மட்டும்:

```
41111100000  41111199999  BANK-A
41111145000  41111145999  BANK-B
```

முதல் வரி, 411111 என்று தொடங்கும் எல்லாவற்றையும் BANK-A-க்குக் கொடுக்கிறது. இரண்டாவது வரி, அதற்குள்ளேயே 41111145 என்று தொடங்குபவற்றை மட்டும் பிரித்து BANK-B-க்குக் கொடுக்கிறது. நீளங்கள் சமமாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் முன்னெண்ணுக்குப் பின்னால் தொடக்கத்தில் பூஜ்யங்களையும் முடிவில் ஒன்பதுகளையும் நிரப்பி, எல்லாவற்றையும் பதினோரு இலக்கம் ஆக்கியிருக்கிறோம்.

இப்போது 4111 1145 0000 0010 என்ற கார்டு வருகிறது. அதன் முதல் பதினோரு இலக்கம் 41111145000. இது இரண்டு வரிகளுக்கும் பொருந்துகிறது. அப்போது குறுகிய வீச்சுக்கே முதலிடம் என்பது விதி. ஆகவே BANK-B. விதியை மறந்து முதலில் பொருந்திய வரியை எடுத்துக்கொண்டால் BANK-A-க்குப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எண் இரண்டாவது வீச்சின் தொடக்க எல்லையிலேயே நிற்கிறது. ஒப்பிடும் நிரல் எல்லையையும் சேர்த்து எண்ணாவிட்டால் இந்தக் கார்டு நழுவி முதல் வரியில் விழும். புதிதாக வீச்சு ஏற்றும்போது எல்லையில் நிற்கும் எண்களை வைத்துத்தான் நாங்கள் முதலில் சோதிப்போம். நடுவில் இருக்கும் எண்கள் எப்போதும் பாஸாகிவிடும்.

வேகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு லட்சம் வரிகளை வரிசைப்படுத்தி வைத்துப் பாதிபாதியாக வெட்டித் தேடினால் பதினேழு ஒப்பீட்டுக்குள் விடை வந்துவிடும். அட்டவணை முழுவதும் நினைவகத்திலேயே இருக்கும். அதனால் தேடும் நேரம் ஒரு பொருட்டே அல்ல, செய்தி கம்பியில் பயணப்படும் நேரம்தான் அதிகம்.

ஒரு பரிவர்த்தனையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை காட்ட முடியுமா?

சரி, மதுரையில் ஒரு பாத்திரக்கடை. பில் ₹1,240. வாடிக்கையாளர் மேலே சொன்ன அதே கார்டைத் தட்டுகிறார். ₹5,000-க்குள் என்பதால் பின் கேட்கவில்லை. கடை வங்கி நெட்வொர்க்குக்கு அனுப்பும் செய்தியில் முக்கியமான புலங்கள் இவை:

```
MTI  0100
002  4111114500000010
004  000000124000
011  004217
022  071
037  519310004217
049  356
```

0100 என்றால் ஒப்புதல் கேட்கும் செய்தி. புலம் 2 கார்டு எண், சுவிட்ச் வழிக்காகப் படிப்பது இதைத்தான். புலம் 4 தொகை, பைசாவில், பன்னிரண்டு இலக்கத்துக்குப் பூஜ்யம் நிரப்பி. 22-இல் 071 என்பது கார்டைத் தட்டியதைச் சொல்கிறது. 356 இந்திய ரூபாயின் குறியீடு.

புலம் 37-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ரசீதில் ஆர்ஆர்என் என்று அச்சாவது இதுதான். பெரும்பாலான சுவிட்சுகள் இதை ஒரே பாணியில் கட்டுகின்றன. 5 என்பது 2025-இன் கடைசி இலக்கம். 193 என்பது வருடத்தின் 193-ஆம் நாள், ஜூலை 12. அதற்கடுத்து நிற்கும் 10 என்பது மணியைக் குறிக்கிறது. மிச்சம் ஆறும் புலம் 11-இல் உள்ள வரிசை எண்ணேதான்.

கடை வங்கியின் சுவிட்ச் தன் அட்டவணையைப் பார்க்கிறது. நம் கார்டு இல்லை, விசாவின் வீச்சில் விழுகிறது. அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை இந்தக் கோரிக்கையைக் காத்திருப்புப் பட்டியலில் வைக்கிறது. நெட்வொர்க் தன் அட்டவணையைப் பார்க்கிறது. குறுகிய வீச்சு, BANK-B. அந்த வங்கியோடு உள்ள இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, அதில் தள்ளுகிறது. BANK-B-யின் கணினி முழு எண்ணையும் எடுத்துக்கொண்டு, கார்டு பிளாக் ஆகியிருக்கிறதா, சிப் கொடுத்த ரகசியக் கையெழுத்து சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்கிறது:

```
MTI  0110
037  519310004217
038  731906
039  00
```

00 என்றால் சரி. 731906 ஒப்புதல் எண். வந்த வழியே பதில் திரும்புகிறது. திரும்பும்போது முன்னெண்ணுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கோரிக்கைக்கான பதில் என்பதை வரிசை எண், ஆர்ஆர்என் போன்றவற்றைக் காத்திருப்புப் பட்டியலோடு பொருத்தித்தான் கண்டுபிடிக்கிறார்கள். இவ்வளவும் இரண்டு மூன்று வினாடிக்குள்.

கார்டு எண்ணே தப்பாக இருந்தால் சுவிட்ச் கண்டுபிடித்துவிடுமா?

கைதவறித் தட்டிய எண் என்றால் பெரும்பாலும் வாசலிலேயே சிக்கிவிடும், கடைசி இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்த கணக்கு இது, 1960-இல் காப்புரிமை கிடைத்தது. வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் பத்தின் மடங்கு வர வேண்டும். நம் மாதிரி எண்ணில் இரட்டித்தவை 22, இரட்டிக்காதவை 8, மொத்தம் 30. சரியாக இருக்கிறது.

ஆனால் இது எழுத்துப்பிழை பார்க்கும் கணக்கு மட்டும்தான். அப்படி ஒரு கார்டு உண்மையில் இருக்கிறதா என்று இது சொல்லாது, சுவிட்சும் சொல்லாது. கார்டு வங்கிக்கு மட்டும்தான் தெரியும்.

என் கார்டு 65-இல் தொடங்குகிறது. ரூபேயா, டிஸ்கவரா?

இந்தியாவில் வாங்கிய கார்டு என்றால் ரூபேதான். ஆனால் கேள்வி நியாயமானது, ஏனென்றால் 65 டிஸ்கவரிடமும் இருக்கிறது. ரூபேயை நடத்தும் என்பிசிஐயும் டிஸ்கவரும் 2012-லேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதனால் ரூபே குளோபல் கார்டு வெளிநாட்டில் டிஸ்கவர் நெட்வொர்க்கில் செல்லும்.

ஒரே எண் எந்த ஊர் அட்டவணையில் தேடப்படுகிறது என்பதைப் பொறுத்து வேறு வழியில் போகும். இந்தியாவில் கடை வங்கியின் அட்டவணை இதை நேராக என்பிசிஐக்குக் கொடுக்கும். அமெரிக்கக் கடையில் டிஸ்கவருக்குப் போகும், டிஸ்கவர் தன் அட்டவணையைப் பார்த்து என்பிசிஐயிடம் தள்ளும், என்பிசிஐ உங்கள் வங்கியிடம் தள்ளும். எண்ணுக்குள் வழி எழுதியிருக்கவில்லை. வழி அட்டவணையில் இருக்கிறது.

சிப் கார்டில் இன்னொரு உதவியும் உண்டு. தான் எந்த நெட்வொர்க் என்பதைச் சிப்பே ஒரு அடையாளத்தால் சொல்லிவிடும். ரூபேயின் அடையாளம் `A000000524` என்று தொடங்கும். சில மெஷின்கள் இதை ரசீதிலேயே அச்சிடும், உங்கள் கையில் உள்ள ரசீதில் தேடிப் பாருங்கள்.

கடை வங்கியும் கார்டு வங்கியும் ஒன்றாக இருந்தால்?

நெட்வொர்க் வரை போகாமலே உள்ளுக்குள் முடித்துக்கொள்ளும் சுவிட்சுகள் நிறைய. நெட்வொர்க் கட்டணம் மிச்சம், பதிலும் சீக்கிரம் வரும். இதற்காகவே கடை வங்கி தன் சொந்த முன்னெண்களைத் தனியாகப் பட்டியலிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் பார்க்கும். அடுத்த கேள்விக்கு விடை இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

புதுக் கார்டு எல்லாக் கடையிலும் ஓடுகிறது, ஒரே ஒரு வங்கியின் மெஷினில் மட்டும் 'தவறான கார்டு' என்று வருகிறது. கார்டில் கோளாறா?

கார்டில் இல்லை. இதே மாதிரி ஒன்றைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை ஒரு ஜவுளிக்கடையிலிருந்து போன். எங்கள் வங்கியின் மெஷின்தான். ஒரு வாடிக்கையாளரின் புதுக் கார்டு மூன்று முறையும் 14 என்று நிராகரிக்கப்பட்டது. 14 என்றால் அப்படி ஒரு கார்டு எண்ணே இல்லை. பக்கத்துக் கடையில் வேறு வங்கியின் மெஷினில் அதே கார்டு உடனே ஓடியது. அரை மணி நேரத்தில் வேறு ஊரிலிருந்து இன்னொரு புகார், அதே குறியீடு. அதிலும் கார்டின் முதல் எட்டு இலக்கம் ஒன்றே.

வழக்கம்போல முதலில் கார்டு வங்கியைக் கேட்டோம். எங்களிடம் இந்தக் கோரிக்கை வரவே இல்லை என்றார்கள். நெட்வொர்க்கும் அதையே சொன்னது. யாரிடமும் போகாத கோரிக்கைக்கு 14 என்று பதில் சொன்னது யார்?

பதிவுகளில் நேரத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோரிக்கை வந்ததற்கும் பதில் போனதற்கும் நடுவே ஒரு வினாடியில் சிறு பங்குகூட ஆகவில்லை. வெளியே போய்த் திரும்பிய செய்திக்கு அந்த வேகம் வராது. சேருமிடம் என்ற இடத்தில் எங்கள் வங்கியின் சொந்தக் கார்டு கணினியின் பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். அந்த ஆறு இலக்கம் ஒரு காலத்தில் முழுக்க எங்களுடையது. எட்டு இலக்கம் வந்தபோது நாங்கள் பயன்படுத்தாத பகுதியைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். அதில் ஒரு துண்டை நெட்வொர்க் வேறு வங்கிக்குக் கொடுத்துவிட்டது. நெட்வொர்க்கின் அட்டவணைக்கு அது தெரியும். எங்கள் சொந்தப் பட்டியலில் மட்டும் பழைய ஆறு இலக்க வரி அப்படியே கிடந்தது. சுவிட்ச் அதைப் பார்த்து, நம் கார்டுதானே என்று உள்ளே அனுப்பியது. உள்ளே இருந்த கணினி, அப்படி ஒரு கார்டு நம்மிடம் இல்லையே என்று உண்மையைத்தான் சொன்னது.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, நாங்கள் வைத்துக்கொண்ட எட்டு இலக்க முன்னெண்களை மட்டும் சேர்த்தோம். பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் எத்தனை பேர் துணிகளைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை. அவர்களில் யாரும் வங்கியைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், தங்கள் கார்டில்தான் ஏதோ குறை என்று நினைத்திருப்பார்கள்.

உங்களுக்கு இப்படி வந்தால் வேறு வங்கியின் மெஷினில் ஒரு முறை முயன்று பாருங்கள். அங்கே ஓடினால், முதல் மெஷினின் ரசீதைக் கடைக்காரரிடம் கொடுத்து, அவருடைய வங்கிக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது, அவர்களிடம் கோரிக்கையே போயிருக்காது.

ரசீதில் 91, 92, 05 என்றெல்லாம் வருகிறதே, எது யார் சொன்ன பதில்?

51 என்றால் பணம் போதவில்லை, 54 காலாவதி, 55 பின் தவறு, 05 காரணம் சொல்லாத மறுப்பு. இவை எல்லாம் பொதுவாகக் கார்டு வங்கியே சொன்ன பதில்கள். அதாவது வழி சரியாக இருந்தது, கேள்வி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

91, 92, 15 வேறு வகை. 15 என்றால் அப்படி ஒரு கார்டு வங்கியே இல்லை. 92 என்றால் எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. இரண்டும் அட்டவணைக் குறை, தேடியதும் சொல்லிவிடுவதால் சட்டென்று வரும். 91 என்றால் எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரியும், ஆனால் அந்த வங்கி பதில் சொல்லவில்லை. இது பெரும்பாலும் மெஷின் வெகுநேரம் சுற்றிய பிறகுதான் வரும். அந்த வங்கி படுத்துவிட்டது என்று சுவிட்ச் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தால் மட்டும் 91-ம் உடனே வரும்.

வங்கி பதில் சொல்லாவிட்டால் சுவிட்சே ஒப்புதல் கொடுத்துவிடுமா?

கொடுக்கலாம், கார்டு வங்கி முன்கூட்டியே அனுமதித்திருந்தால். இந்த முன்னெண்ணுக்கு இவ்வளவு தொகை வரை, ஒரு நாளைக்கு இத்தனை முறை வரை எனக்குப் பதிலாக நீங்களே சரி சொல்லலாம் என்று வங்கி எழுதிக் கொடுத்திருக்கும். நெட்வொர்க் அதற்குள் நின்று ஒப்புதல் கொடுத்துவிட்டு, வங்கி எழுந்ததும் 0120 என்ற செய்தியில் நடந்ததைத் தெரிவிக்கும். கணக்கில் பணம் இருக்கிறதா என்று நெட்வொர்க்குக்குத் தெரியாததால் டெபிட் கார்டுகளுக்கு இதை அனுமதிக்க வங்கிகள் தயங்குவது இயல்பு.

இரண்டு வங்கிகள் இணைந்துவிட்டால் பழைய கார்டு எப்படி ஓடுகிறது?

கார்டு எண்ணை மாற்றாமல் அட்டவணையின் கடைசிப் பத்தியை மாற்றுகிறார்கள். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது, அதே வருடம் நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ்ஸோடு இணைந்தது. இப்படி இணையும்போது சட்டப்படி வங்கி ஒரே நாளில் மாறிவிடும், ஆனால் கணக்குகள் புதுக் கணினிக்குப் போகப் பல மாதம் ஆகலாம். அதுவரை பழைய முன்னெண்கள் பழைய கணினிக்கே போய்க்கொண்டிருக்க வேண்டும். கணக்குகள் மாறும் இரவில் வரிகளின் சேருமிடத்தைத் திருப்புவார்கள். கணக்கு நகர்வதற்கு முன்னால் வரி திரும்பினாலோ, பின்னால் திரும்பினாலோ அந்த முன்னெண் கார்டுகள் மொத்தமும் நின்றுவிடும்.

போனைத் தட்டிப் பணம் கட்டினால் ரசீதில் கடைசி நான்கு இலக்கம் என் கார்டோடு பொருந்தவில்லையே?

போன் கொடுத்தது உங்கள் கார்டு எண்ணே அல்ல, அதற்குப் பதிலாகத் தயாரித்த டோக்கன் எண். பார்க்கக் கார்டு எண் போலவே இருக்கும், லூன் கணக்குக்கும் சரியாக வரும். அதற்கென்று தனி முன்னெண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நெட்வொர்க்கின் அட்டவணையில் அந்த வீச்சுகளுக்கு எதிரே 'இது டோக்கன்' என்ற குறி இருக்கும். அதைக் கண்டதும் சுவிட்ச் வங்கியைத் தேடுவதற்கு முன் டோக்கன் பெட்டகத்தைக் கேட்டு உண்மையான கார்டு எண்ணை வாங்கிக்கொள்ளும், அப்புறம் வங்கிக்கு அனுப்பும். கடை வங்கிக்கு உண்மையான எண் தெரியவே தெரியாது. 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு, நாம் இணையத்தில் 'சேமித்த கார்டு' என்று பார்ப்பதும் பெரும்பாலும் இதுதான்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது இதனால் ஒரு தகராறு வரும். வாங்கும்போது போனைத் தட்டியிருந்தால் பணம் திரும்ப வாங்கவும் போனையே நீட்டுங்கள். கார்டை நீட்டினால் எண் பொருந்தவில்லை என்று கடைக்காரர் மறுக்கக்கூடும், அவர் பக்கம் அது நியாயம்தான்.

கணக்கில் பணம் போய்விட்டது, கடை மெஷினில் தோல்வி என்று வந்தது. வழி தவறிப்போனதா?

போகும் வழி சரியாகத்தான் இருந்திருக்கிறது, இல்லையென்றால் பணமே கழிந்திருக்காது. திரும்பும் வழியில் பதில் தாமதமாகிவிட்டது அல்லது தொலைந்துவிட்டது. காத்திருப்பு நேரம் முடிந்ததும் கடை பக்கத்திலிருந்து ரத்து செய்யும் செய்தி போக வேண்டும். அதுவும் முன்னெண்ணை வைத்து அதே வழியில் போய், புலம் 37-ஐயும் 11-ஐயும் பொருத்தி, கழித்த பணத்தைத் திரும்ப வைக்கும். இணைப்பே அறுந்திருந்தால் ரத்தும் போகாது. அப்போது மறுநாள் கணக்குச் சரிபார்ப்பில்தான் சிக்கும்.

ரிசர்வ் வங்கி 2019-இல் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. கடையில் உறுதி கிடைக்காமல் கழிந்த பணம், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 வங்கி கொடுக்க வேண்டும். புகார் எழுதும்போது தொகையையும் தேதியையும் மட்டும் எழுதாமல், ரசீதில் உள்ள பன்னிரண்டு இலக்க ஆர்ஆர்என்னையும் எழுதுங்கள். அது இருந்தால் சுவிட்ச் அறையில் இருப்பவர் ஒரே தேடலில் உங்கள் வரியை எடுத்துவிடுவார்.

முதல் எட்டு இலக்கத்தை யாராவது தெரிந்துகொண்டால் ஆபத்தா?

அது மட்டும் தெரிந்தால் ஆபத்தில்லை. உங்கள் வங்கியில் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அதே எட்டு இலக்கம்தான். ஆனால் உங்களுக்குப் போன் செய்து, "உங்கள் கார்டு இந்த எண்ணில்தானே தொடங்குகிறது?" என்று சரியாகச் சொல்லி, அதையே அத்தாட்சியாகக் காட்டி மிச்ச இலக்கங்களைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வங்கி எது என்று தெரிந்தால் போதும், அந்த எட்டை யாரும் ஊகித்துவிடலாம். போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.